‘ஹேவ் வெண்ட்’, ‘ஹேஸ் டுக்’: தவறான வினை வடிவத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி முடித்து, வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுத உட்காரும் இளைஞர்களின் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பிட்ட தவறு அடிக்கடி வருகிறது. ‘ஐ ஹேவ் கான்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஐ ஹேவ் வெண்ட்’ என்றும், ‘ஹி ஹேஸ் டேக்கன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஹி ஹேஸ் டுக்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். சொல் ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கும் சரியான சொல்லாகவே இருப்பதால், எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கும் கருவி அதன் அடியில் சிவப்புக் கோடு போடாது. எழுதியவர் தாமே பிடித்தால்தான் உண்டு. தாம் எழுதிய ஒரு பக்கத்தில் இந்தத் தவறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்கான முறையை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதலில், தவறு எதனால் தவறாகிறது என்பதைத் தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘போனான்’ என்பது முற்றுவினை. வாக்கியம் அதோடு முடிந்துவிடும். ‘போய்’ என்பது வினையெச்சம். அது இன்னொரு வினையைக் கேட்கும். ஆகவே ‘போயிருக்கிறான்’ என்று சொல்கிறோமே தவிர, ‘போனான் இருக்கிறான்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘வெண்ட்’ என்பது ‘போனான்’ போன்றது, ‘கான்’ என்பது ‘போய்’ போன்றது, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகிய துணைவினைகள் ‘இருக்கிறான்’, ‘இருந்தான்’ செய்யும் வேலையைச் செய்கின்றன. துணைவினை வந்துவிட்டால் அதற்குத் துணையாக எச்ச வடிவம்தான் வர வேண்டும், இறந்தகால முற்று வரக்கூடாது. மலாய் மொழியில் ‘பெர்கி’ என்ற வினை எந்தக் காலத்திலும் மாறுவதில்லை. ‘சுடா பெர்கி’ என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும். மூன்று மொழிகளையும் ஒன்றாகப் பேசி வளரும் பிள்ளைகள், ‘ஹேவ்’ என்பதையும் அந்தச் ‘சுடா’வைப் போல முன்னால் ஒட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்ளும்போது, பின்னால் நிற்கும் வினை கவனிக்கப்படாமல் போய்விடுகிறது.

இனி, எந்த வினைகளைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்வி. பள்ளிகளில் மூன்று பத்திகள் கொண்ட நீண்ட அட்டவணையைக் கொடுத்து முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ‘வொர்க்ட்’, ‘வாக்ட்’ போன்ற ஒழுங்கு வினைகளில் இறந்தகாலமும் எச்சமும் ஒன்றே. ஒழுங்கற்ற வினைகளிலும் ‘பாட்’, ‘பிராட்’, ‘டாட்’, ‘கெப்ட்’, ‘மேட்’, ‘லெஃப்ட்’ போன்ற பலவற்றில் இரண்டு வடிவமும் ஒன்றே. இரண்டும் ஒன்றாக இருக்கும் வினையில் இந்தத் தவறு நிகழவே முடியாது. எனவே இரண்டும் வேறுபடும் வினைகளை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

அவ்வாறு எழுதும்போது அகரவரிசையில் எழுதாமல் ஓசையை வைத்துப் பிரித்தால் நினைவில் நிற்கும். எச்ச வடிவம் ‘ன்’ ஓசையில் முடியும் கூட்டம்தான் பெரியது: ‘டுக், டேக்கன்’, ‘ரோட், ரிட்டன்’, ‘புரோக், புரோக்கன்’, ‘ஸ்போக், ஸ்போக்கன்’, ‘கேவ், கிவன்’, ‘டிரோவ், டிரிவன்’, ‘ஏட், ஈட்டன்’, ‘சா, சீன்’, ‘நியூ, நோன்’ என்று அது போகும். அடுத்தது நடு உயிரெழுத்து மட்டும் மாறும் கூட்டம்: ‘பிகேன், பிகன்’, ‘டிராங்க், டிரங்க்’, ‘சாங், சங்’, ‘ஸ்வாம், ஸ்வம்’. மூன்றாவது, எச்ச வடிவம் மீண்டும் மூல வடிவத்துக்கே திரும்பிவிடும் சிறிய கூட்டம்: ‘கேம், கம்’, ‘பிகேம், பிகம்’, ‘ரேன், ரன்’. இந்த மூன்றாவது கூட்டத்தில்தான் நன்றாக எழுதுபவர்களும் இடறுகிறார்கள். ‘ஹேவ் கம்’ என்பது நிகழ்காலம் போல ஒலிப்பதால், நடந்து முடிந்த செய்தியைச் சொல்லும்போது ‘ஹேவ் கேம்’ என்றே கை எழுதிவிடும். இவற்றுக்கு வெளியே ‘டிட், டன்’ என்பதும் ‘வெண்ட், கான்’ என்பதும் தனித்து நிற்கின்றன. ‘வெண்ட்’ உண்மையில் wend என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகால வடிவம். ‘கோ’வின் சொந்த இறந்தகாலம் வழக்கொழிந்தபோது அந்த இடத்தில் இது வந்து அமர்ந்துகொண்டது. ‘கோ’வுக்கும் ‘வெண்ட்’டுக்கும் ஓசை ஒற்றுமை இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இப்போது தேடும் முறைக்கு வருவோம். எழுதி முடித்த பக்கத்தில் வினைகளைத் தேடாதீர்கள், துணைவினைகளைத் தேடுங்கள். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’, ‘ஹேவிங்’ ஆகிய ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் கோடிடுங்கள். சுருக்க வடிவங்களையும் விட்டுவிடக் கூடாது. ‘ஐவ்’, ‘தேவ்’ என்பவற்றில் ‘ஹேவ்’ ஒளிந்திருக்கிறது. ‘ஹிஸ்’ என்ற சுருக்கத்தில் ‘ஹேஸ்’ இருக்கலாம், ‘இஸ்’ இருக்கலாம். ‘ஹிட்’ என்ற சுருக்கத்தில் ‘ஹேட்’ இருக்கலாம், ‘வுட்’ இருக்கலாம். அடுத்து மூல வடிவம் வந்தால் அது ‘வுட்’, இல்லையென்றால் ‘ஹேட்’ என்று வைத்துச் சோதிக்கலாம். ‘ஷுட்’, ‘குட்’, ‘மஸ்ட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் ‘ஹேவ்’ மிகவும் முக்கியம். பேச்சில் அது தேய்ந்து ‘ஆஃப்’ என்பதுபோல் கேட்பதால் சிலர் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். துணைவினை காதில் விழாத இடத்தில் ‘ஷுட் ஹேவ் வெண்ட்’ எளிதாக நுழைந்துவிடுகிறது.

கோடிட்ட பிறகு, ஒவ்வொரு துணைவினையிலிருந்தும் வலப்பக்கமாக நகர்ந்து அதற்குரிய வினையைக் கண்டுபிடிக்க வேண்டும். பல நேரங்களில் அது அடுத்த சொல்லாகவே இருக்கும். ஆனால் ‘நாட்’, ‘நெவர்’, ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ போன்ற சொற்கள் இடையில் வரும். கேள்வியாக இருந்தால் எழுவாயே இடையில் வரும். ‘ஹேஸ் யுவர் பிரதர் டுக் தி கீ’ என்ற கேள்வியில் துணைவினைக்கும் வினைக்கும் நடுவே அண்ணன் நிற்கிறார். அவரைத் தாண்டிப் பார்த்தால்தான் ‘டுக்’ தவறு என்பது தெரியும். நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ தாராளமாகப் புழங்குவதால் ‘ஹேவ் ஆல்ரெடி ஏட்’ என்ற வடிவம் இங்கே சாதாரணமாகக் கண்ணில் படும்.

கணினியில் எழுதியவர்கள் இந்த இரண்டு படிகளையும் ஓரளவு கருவியிடம் ஒப்படைக்கலாம். வேர்ட் செயலியின் தேடும் பெட்டியில் வைல்ட்கார்டு வசதியை இயக்கிவிட்டு, கீழுள்ளதைத் தட்டச்சு செய்தால் துணைவினை இருக்கும் இடங்களை அது ஒவ்வொன்றாகக் காட்டும்.

```
<[Hh]a[dsv]
```

கூகுள் டாக்ஸில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியைத் தேர்ந்தெடுத்தால், துணைவினையையும் தவறான வினையையும் சேர்த்தே தேடலாம். இடையில் ஒரு சொல் வந்தாலும் கீழுள்ள வரி அதைப் பிடித்துவிடும். வினைப் பட்டியலில் உங்களுக்கு அடிக்கடி தவறும் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

```
\b(have|has|had)(n.t)?\s+(\w+\s+)?(went|took|saw|wrote|came|ran|broke|gave|ate|drove)\b
```

கருவி காட்டுவது சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டுமே. அது உண்மையில் தவறா என்று தீர்ப்பது நம் வேலை. ‘ஆல் தி மனி வி ஹேட் வெண்ட் டு தி டெம்பிள் ஃபண்ட்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஹேட் வெண்ட்’ அடுத்தடுத்து நிற்கிறது, ஆயினும் வாக்கியம் முழுக்கச் சரி. ‘எங்களிடம் இருந்த பணமெல்லாம் கோயில் நிதிக்குப் போனது’ என்பதே பொருள். இங்கே ‘ஹேட்’ துணைவினை அல்ல. ‘வைத்திருந்தோம்’ என்ற தனி வினை. ‘வெண்ட்’டின் எழுவாய் ‘பணம்’. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ‘ஹேட்’டை எடுத்துவிட்டு அங்கே ‘ஓண்ட்’ என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் உடையாமல் நின்றால் அது சொந்த வினை, பக்கத்தில் இருக்கும் இறந்தகாலத்தைத் தொடக் கூடாது. உடைந்துவிட்டால் அது துணைவினை, திருத்தம் தேவை.

இந்த முறையை ஒரு கடிதத்தில் முழுமையாகச் செய்து பார்ப்போம். செம்பனை ஆலையில் லாரிகளின் எடையைப் பதியும் கிராணி வேலைக்கு ஓர் இளைஞர் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய கடிதத்தில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவை மொத்தம் ஐந்து இடங்களில் வருகின்றன.

முதல் வாக்கியம்: ‘ஐ ஹேவ் வெண்ட் டு யுவர் ஆஃபிஸ் லாஸ்ட் வீக்’. துணைவினையின் அடுத்த சொல்லே தவறு. உடனே ‘வெண்ட்’டை ‘கான்’ ஆக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் தவறு பாதிதான் தீரும். வாக்கியத்தின் முடிவில் ‘லாஸ்ட் வீக்’ என்று முடிந்துபோன காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘2019இல்’ என்று காலத்தைச் சுட்டிவிட்டால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வராது. இங்கே திருத்த வேண்டியது துணைவினையை. அதை நீக்கி ‘ஐ வெண்ட்’ என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்துவிடும். ஆகவே தவறான இணையைக் கண்டதும் முதலில் வாக்கியத்தில் இப்படி முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஹேவ்’வை எடுங்கள்; இல்லையென்றால் வினையை மாற்றுங்கள்.

இரண்டாவது: ‘தி கிளார்க் ஹேஸ் டுக் மை சர்ட்டிஃபிகேட்’. அப்படிப்பட்ட காலச் சொல் இல்லை. சான்றிதழ் இன்னும் அவரிடமே இருக்கிறது என்பதுதான் செய்தி. எனவே துணைவினை இருக்கட்டும், ‘டுக்’ என்பது ‘டேக்கன்’ ஆக வேண்டும்.

மூன்றாவது: ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் எ ஷாப் அண்ட் டிரோவ் எ லாரி ஃபார் டூ இயர்ஸ்’. கருவி இதைக் காட்டாது, அவசரமாகப் படிப்பவரும் பார்க்க மாட்டார். ‘ஹேவ்’ என்பதற்கு அடுத்து வரும் ‘வொர்க்ட்’ சரியாகவே இருக்கிறது. ஒழுங்கு வினை என்பதால் அதில் தவறு தெரிய வழியில்லை. ஆனால் ‘அண்ட்’ என்பதற்குப் பின்னால் வரும் இரண்டாவது வினையும் அதே ‘ஹேவ்’வுக்குக் கட்டுப்பட்டது. ‘கடையில் வேலை செய்தும் லாரி ஓட்டியும் இருக்கிறேன்’ என்று தமிழில் இரண்டையும் எச்சமாக வைப்பதைப் போல, அங்கேயும் ‘டிரிவன்’ என்றே வர வேண்டும். ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ வரும் இடங்களில் எல்லாம் துணைவினையை மனத்துக்குள் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் இந்தத் தவறு தட்டுப்படும்: ‘ஹேவ் வொர்க்ட்... ஹேவ் டிரோவ்’ என்று சொல்லும்போது காது தடுக்கும்.

நான்காவது: ‘ஆல் தி சேவிங்ஸ் மை ஃபாதர் ஹேட் வெண்ட் டு மை ஸ்டடீஸ்’. கருவி இதைத் தவறு என்று காட்டும். ‘ஓண்ட்’ சோதனையைச் செய்தால் வாக்கியம் நிற்கிறது. எனவே தொட வேண்டாம்.

ஐந்தாவது: ‘ஐ ஷுட் ஹேவ் கேம் எர்லியர்’. மூன்றாவது கூட்டத்து வினை. ‘கேம்’ என்பது ‘கம்’ ஆக வேண்டும். ஆக, ஐந்து இடங்களில் நான்கு தவறு. அந்த நான்கிலும் ஒன்றைத் திருத்தியது துணைவினையை நீக்கி, மற்ற மூன்றைத் திருத்தியது வினை வடிவத்தை மாற்றி.

‘வெண்ட்’டை ‘கான்’ ஆக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். ‘மை பிரதர் ஹேஸ் கான் டு சிங்கப்பூர்’ என்றால் அண்ணன் இப்போது அங்கே இருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் டுவைஸ்’ என்று ஈப்போவில் நேர்முகத் தேர்வுக்கு வந்து அமர்ந்திருப்பவர் எழுதினால் பொருள் பொருந்தாது. போய்த் திரும்பி வந்தவர் ‘ஹேவ் பீன்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘போயிருக்கிறான்’ என்பது இரண்டு நிலைக்கும் பொருந்துவதால் இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். துணைவினை இல்லாமல் எச்ச வடிவம் தனியே நிற்பது அது: ‘ஐ சீன் ஹிம்’, ‘ஹி டன் இட்’. ‘ஐவ் சீன்’ என்பதில் உள்ள ‘வ்’ ஓசை வேகமான பேச்சில் விழுங்கப்படுவதும் இதற்கு ஒரு காரணம். இதைத் தேட, எழுவாயை முன்னால் வைத்துப் பார்க்கலாம்.

```
\b(I|we|they|he|she)\s+(seen|done|gone|taken|written)\b
```

‘ஹேவ் தே கான்’ போன்ற கேள்விகளையும் இந்த வரி பிடித்துக் காட்டும். அவற்றில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் இருப்பதால் அவை சரி. செயப்பாட்டு வினையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ‘வாஸ்’, ‘வேர்’, ‘பீன்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவதும் எச்ச வடிவமே. ‘மை ஃபோன் வாஸ் ஸ்டோல்’ என்பது தவறு, ‘ஸ்டோலன்’ என்பது சரி.

இந்தப் பாடத்தை நடத்தும்போது டியூஷன் வகுப்பில் தவறாமல் ஒரு கேள்வி வரும். “டீச்சர், வீடியோவுல வெள்ளக்காரங்களே ‘ஷுட் ஹேவ் வெண்ட்’னுதானே பேசுறாங்க?” என்று கேட்பார்கள். உண்மைதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், பேச்சில் அப்படியே சொல்கிறார்கள். பழைய ஆங்கில எழுத்தாளர்களிடமும் இறந்தகாலத்தை எச்சமாகப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், புகழ்பெற்ற எழுத்தாளர்களிடமிருந்தே இத்தகைய வடிவங்களை எடுத்துக் காட்டிக் குறை சொல்லியிருக்கிறார். எழுத்து வழக்கு ஒரு வடிவத்தில் நிலைப்பட்டதும், மற்றது பேச்சு வழக்காகத் தங்கிவிட்டது. எனவே வீடியோவில் பேசுபவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம், ஆனால் எஸ்.பி.எம். தாளிலும் மூவெட் தேர்விலும் விண்ணப்பக் கடிதத்திலும் எதிர்பார்க்கப்படுவது எழுத்து வழக்கு என்பதால் அங்கே ‘கான்’ என்றே எழுத வேண்டும். கதையில் ஒரு பாத்திரம் பேசுவதை எழுதும்போது மட்டும் பேச்சு வடிவத்தை அப்படியே விடலாம்.

கடைசியாக, தவறு போலத் தோன்றி ஆனால் தவறில்லாத சில சொற்கள் உண்டு. ‘ஹேவ் புரூவ்ட்’, ‘ஹேவ் புரூவன்’ இரண்டும் சரி. ‘ஹேவ் ஷோன்’ அதிகம் வழங்கினாலும் ‘ஹேவ் ஷோட்’ என்பதையும் அகராதிகள் ஏற்கின்றன. ‘ஹேவ் காட்’ பிரிட்டிஷ் வழக்கு. ‘பெற்றிருக்கிறேன்’ என்ற பொருளில் அமெரிக்கர்கள் ‘ஹேவ் காட்டன்’ என்பார்கள். நம் பள்ளிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் முதல் வடிவத்தையே எழுதிவிடலாம். பட்டியலில் இல்லாத ஏதாவது ஒரு வினையில் ஐயம் வந்தால், மாணவர் அகராதியில் அதன் மூல வடிவத்தைப் பாருங்கள். வினைக்குப் பக்கத்தில் இரண்டு வடிவங்கள் தரப்பட்டிருந்தால் முன்னது இறந்தகாலம், பின்னது எச்சம். ஒன்றே தரப்பட்டிருந்தால் இரண்டுக்கும் அதுவே.